தேன் வெந்நீரும் மிளகுப் பாலும்: தொண்டைக்கு உண்மையில் என்ன செய்கின்றன?

போகிக்கும் காணும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு உட்கார நேரம் இருக்காது. விடியற்காலைப் பனி ஒரு பக்கம், டயர் எரித்த புகை ஒரு பக்கம், அதோடு வீட்டுக்கு வீடு சுற்றும் சளி. கல்லாவுக்கு முன்னால் நிற்கும் பத்துப் பேரில் ஆறேழு பேர் தொண்டையைக் கையால் பிடித்தபடிதான் பேசுவார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். "அண்ணே, வீட்ல மூணு பேருக்குத் தொண்டை கரகரன்னு இருக்கு. அம்மா எல்லாருக்கும் சேர்த்து மிளகுப் பால் காய்ச்சப் போறாங்க. பாப்பாவுக்கு மட்டும் நாக்குல தேன் தடவிட்டா போதும்ல?"

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. மூத்த பையனுக்கு 6 வயது. பாப்பாவுக்கு 9 மாதம். அவர் கேட்டது ஒரே கேள்விதான், ஆனால் மூன்று பேருக்கும் பதில் வேறு வேறு. ஒருவருக்குத் தேன் நல்லது. ஒருவருக்கு மிளகுப் பாலே தொந்தரவு. ஒருவருக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. ஏன் என்று புரிய வேண்டுமென்றால் தொண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொண்டை ஏன் கரகரக்கிறது

பனிக்காலத்தில் உதடு காய்ந்து வெடிப்பதை நினைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஊறுகாய் பட்டால் சுரீரென்கும். தோல் காய்ந்து, அடியில் உள்ள நரம்பு முனைகள் வெளியே வந்துவிட்டதால் சாதாரண உப்பும் புளிப்பும்கூட வலியாக மாறுகின்றன.

தொண்டையிலும் கிட்டத்தட்ட இதுதான் கதை. அதன் உள்பக்கம் ஈரமான மெல்லிய தோல். சளிக் கிருமி அங்கே குடியேறும்போது உடம்பு ரத்தத்தையும் காவல் அணுக்களையும் அந்த இடத்துக்கு அனுப்புகிறது. இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். அழற்சி வந்த இடத்தில் நரம்பு முனைகள் எதற்கெடுத்தாலும் சீறுகின்றன. தூசு, குளிர்காற்று, ஒரு வாய் எச்சில் எதுவானாலும் போதும், "ஏதோ மாட்டியிருக்கிறது, வெளியே தள்ளு" என்று மூளைக்குத் தகவல் போய்விடும். உடனே இருமல்.

இரவில் இது கூடுவதற்கும் காரணம் உண்டு. படுத்தால் மூக்கின் பின்பக்கத்துச் சளி தொண்டைக்குள் வழிகிறது. மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சு விடுகிறோம், தொண்டை இன்னும் காய்கிறது. இருமல் தூக்கத்தைக் கெடுக்கிறது, இருமுவதால் தொண்டை மேலும் புண்ணாகிறது.

ஆக இங்கே இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. கிருமி ஒன்று, அதனால் சீறிக்கொண்டிருக்கும் நரம்பு இன்னொன்று. தேனும் மிளகுப் பாலும் கைவைப்பது இரண்டாவதில்தான்.

தேன் செய்யும் வேலை

வெடித்த உதட்டில் நெய் தடவுகிறோம். நெய் உதட்டை ஆற்றுவதில்லை. மேலே ஒரு பூச்சாக உட்கார்ந்து காற்று படாமல் காக்கிறது, உதடு தானாக ஆறுகிறது. இப்படி உறுத்தும் இடத்தின் மேல் வழவழப்பாகப் படிந்து இதம் தரும் பொருளுக்கு மருத்துவத்தில் டெமல்சென்ட் என்று பெயர். தேன் அப்படி ஒன்று.

அதன் இனிப்பும் வேலை செய்கிறது. இனிப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும், விழுங்க விழுங்கக் காய்ந்த தொண்டை நனையும். இனிப்புச் சுவை இருமல் உணர்வையே கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது என்று கருதும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். இருமல் மருந்துகள் பெரும்பாலும் தித்திப்பான சிரப்பாக வருவது வெறும் ருசிக்காக மட்டும் இல்லாமலும் இருக்கலாம்.

"தேன் கிருமியைக் கொல்லுமே" என்று பலர் கேட்பார்கள். பாதி உண்மை. தேனில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை, தண்ணீர் வெறும் பதினெட்டுப் பங்கு அளவில்தான். அந்த அடர்த்தியும் அதன் புளிப்பும் சேர்ந்து பாக்டீரியாவை வளரவிடாது. ஆனால் ஒரு சின்ன ஸ்பூன் தேனை, அதாவது 5 மில்லியை, 150 மில்லி வெந்நீரில் கரைத்தால் என்ன ஆகும்? முப்பது மடங்கு நீர்த்துவிடும். அந்த அடர்த்தி போயே போய்விட்டது. அந்தத் தண்ணீரும் தொண்டையைக் கடக்க ஓரிரு நொடிதான். போதாததற்கு, சாதாரணத் தொண்டைக் கரகரப்பில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவை நம் செல்களுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவை. அங்கே தேன் போய்ச் சேராது.

சுருக்கமாகச் சொன்னால், தேன் கிருமியை விரட்டுவதில்லை, உறுத்தலைப் போர்த்தி வைக்கிறது. நோய் ஓடும் நாட்களில் அது ஓடும், நாம் கொஞ்சம் தூங்கலாம்.

ஆய்வுகள் சொல்வது: டம்ளரில் அல்ல, ஸ்பூனில்

2007-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சளி பிடித்த 105 பிள்ளைகளை, 2 முதல் 18 வயது வரை, மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேன். இன்னொன்றுக்குத் தேன் வாசனையுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், அதாவது கடைகளில் கிடைக்கும் வறட்டு இருமல் சிரப்புகளில் பலவற்றில் இருக்கும் மருந்து. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் கொடுக்காதவர்களைவிடத் தேன் குடித்தவர்கள் அன்றிரவு குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள். தேனுக்கும் சிரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

2012-இல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயதுக்குள் 300 குழந்தைகளிடம் இதையே இன்னும் கறாராகப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேனுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழப் பாகு. பார்க்கவும் ருசிக்கவும் தேன் மாதிரியே இருப்பதால் பெற்றோருக்கு எது எதுவென்று தெரியாது. தேன் குடித்த குழந்தைகளுக்கு இருமல் அதிகம் குறைந்தது. ஆனால் பாகு குடித்தவர்களுக்கும் குறையத்தான் செய்தது. எனக்கு இதில் பிடித்த இடம் அந்தப் பாகுதான். இனிப்பும் வழவழப்பும் "அம்மா ஏதோ கொடுத்திருக்கிறாள்" என்ற நம்பிக்கையும், ஒரு நாள் கழிந்ததால் தானாக வந்த குணமும் சேர்ந்தாலே பாதி வேலை முடிகிறது. அதற்கு மேல் தேன் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறது.

2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட ஆறு ஆய்வுகளை, மொத்தம் 899 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. அவர்கள் போட்ட எல்லையையும் சொல்ல வேண்டும். பலன் கண்டது மூன்று நாள் வரைக்கும்தான். நீண்ட நாள் இருமலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இவை பெரும்பாலும் குழந்தைகளின் இருமலைப் பற்றியவை, பெரியவர்களின் தொண்டை வலிக்கு இந்த அளவு ஆதாரம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியா ஆய்வில் தேனை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவில்லை. 2 முதல் 5 வயது வரை அரை டீஸ்பூன், 6 முதல் 11 வரை ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் இரண்டு டீஸ்பூன் என்று கெட்டியாகவே கொடுத்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? அதே ஒரு ஸ்பூனைப் பெரிய டம்ளர் வெந்நீரில் போட்டுக் கலக்குகிறோம். பூச்சாகப் படிய வேண்டிய பொருளைக் கழுவும் தண்ணீராக மாற்றிவிடுகிறோம்.

அதற்காக வெந்நீர் வீண் என்று அர்த்தமில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் சாதாரணச் சூட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கொழுகலும் இருமலும் இரண்டிலுமே தணிந்தன. தொண்டை வலி, குளிர், அசதி ஆகியவை சூடான பானத்தில் மட்டும்தான் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆகவே சூட்டுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது.

இரண்டையும் சேர்ப்பது எளிது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து முடியுங்கள். அப்புறம் தேனை ஸ்பூனிலிருந்து மெல்ல நக்கி விழுங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் குடிக்காமல் இருங்கள். காசிமேட்டுத் தம்பியின் பையனுக்கு நான் சொன்னது இதுதான்: படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு 5 மில்லி, மூன்று இரவுகள், தேன் விழுங்கியபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் பல்லுக்குக் கேடு. வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு என்பதால் பழைய சிரப் பாட்டிலின் அளவு மூடியில் ஊற்றச் சொன்னேன்.

பையனுக்கு இருமல் சிரப்பும் கேட்டார். தேவையில்லை என்றேன். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளே கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவுறுத்தியிருக்கிறது. இவனுக்கு 6 ஆகிவிட்டாலும், தேனே போதும் என்கிற இடத்தில் சிரப்பை விற்க மனம் வரவில்லை.

மிளகுப் பால்: அனுபவம் அதிகம், ஆதாரம் குறைவு

தேனுக்குப் போல மிளகுப் பாலுக்கு அப்படி நேரடியான நல்ல ஆய்வு கிடையாது. பயன் இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஒழுங்காகச் சோதித்தும் பார்க்கவில்லை. ஆகவே உள்ளே என்ன நடக்கும் என்பதைக் கொண்டுதான் பேச முடியும்.

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். அது நம் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தட்டி எழுப்புகிறது. பால் ஆறியிருந்தாலும் தொண்டையில் ஒரு கதகதப்பு தெரிவது இதனால்தான். காரம் பட்டதும் எச்சிலும் மூக்குநீரும் சுரக்கும், கெட்டியான சளி இளகுவது போலிருக்கும். பைப்பரின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் போட்டுக் காய்ச்சும் பாட்டியின் முறைக்கு அந்த வகையில் நியாயம் இருக்கிறது.

"சளி பிடித்தால் பால் குடிக்காதே, கோழை கூடும்" என்பதும் நம்மிடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990-இல் 60 பேருக்குச் சளி வைரஸைக் கொடுத்து, எவ்வளவு பால் குடிக்கிறார்கள், எவ்வளவு சளி வருகிறது என்று எடைபோட்டே பார்த்தார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. பால் எச்சிலோடு கலந்ததும் வாயில் சற்றுக் கெட்டியாகத் தோன்றும், அதைத்தான் கோழை என்று நினைக்கிறோம்.

செய்முறையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. காய்ச்சிய பாலின் மேல் மிளகுத்தூளைத் தூவிக் குடிப்பது. தூள் கரையாமல் மேலேயே மிதக்கும், கடைசி மடக்கில் மொத்தமாகப் போய்த் தொண்டையில் ஒட்டும், அப்புறம் கால் மணி நேரம் இருமல். ஐந்தாறு மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, 150 மில்லி பாலில் போட்டுச் சிறுதீயில் நான்கைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, டீ வடிகட்டியில் வடித்துக் குடியுங்கள். கப்பைக் கையில் பிடிக்க முடியாத சூட்டில் யாரும் குடிக்க வேண்டாம், குழந்தைகளுக்கு இன்னும் ஆற வைக்க வேண்டும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கத்தை உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்பிருக்கக்கூடிய ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-இல் சேர்த்திருக்கிறது.

இதுவரை பார்த்ததில் தேனுக்கு, குழந்தைகளின் இரவு இருமலுக்கு, நடுத்தர ஆதாரம் உண்டு. மிளகுப் பாலுக்கு நம்பும்படியான காரணம் உண்டு, சோதனை இல்லை. இனி யாருக்கு இவை ஆகாது என்று பார்ப்போம்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது

பாப்பாவுக்கு நாக்கில் தேன் தடவலாமா என்று அந்தத் தம்பி கேட்டபோது நான் கையை நீட்டி நிறுத்தினேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொன்னால் கோபம்கூட வரும். "எங்க அப்பனுக்கும் வெச்சாங்க, ஒண்ணும் ஆகல" என்பார்கள். உண்மைதான், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகிற குழந்தைக்கு ஆவது சின்ன விஷயமல்ல.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா உண்டு. சூழ்நிலை சரியில்லாதபோது அது விதை மாதிரி ஓடு போட்டுக்கொண்டு தூங்கும், அந்த நிலைக்கு ஸ்போர் என்று பெயர். தேனீக்கள் வழியாகவோ தூசு வழியாகவோ அந்த ஸ்போர் தேனில் வந்துவிடலாம். தேனுக்குள் அது முளைக்காது, தூங்கிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் வயிற்றுக்குள் போனாலும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதற்கு இடம் கொடுக்காது, வெளியேறிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடல் இன்னும் ஆள் வராத காலி மனை. அங்கே ஸ்போர் முளைத்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் துண்டிக்கும் நஞ்சைச் சுரக்கும். இதுதான் குழந்தைப் போட்டுலிசம், 1976-இல் அடையாளம் காணப்பட்டது.

முதலில் மலச்சிக்கல் வரும். அப்புறம் பால் உறிஞ்ச வலு இருக்காது, அழுகை பூனைக்குட்டி கத்துவது போலத் தேயும், இமை தொங்கும், தூக்கினால் கழுத்து நிற்காது. மூச்சுத் தசைகள் வரை போனால் உயிருக்கே ஆபத்து. அரிய நோய்தான், ஆனால் தேன் கொடுத்துச் சில நாட்களிலோ வாரங்களிலோ இந்த அறிகுறி எதையாவது பார்த்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெந்நீரில் கலந்தால், கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. கொதிநீரின் 100 டிகிரியில் அந்த ஓடு உடைவதில்லை. மலைத்தேன், கொம்புத்தேன், பாட்டில் தேன், எதுவானாலும் இதே கதைதான். சுத்தமான தேன் என்பது இந்த இடத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 9 மாதப் பாப்பாவுக்கு உப்பு நீர் மூக்குச் சொட்டும் அடிக்கடி தாய்ப்பாலும் சொல்லி அனுப்பினேன், மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் தூக்கிப்போகச் சொன்னேன்.

பாட்டிக்கு மிளகுப் பால் ஏன் ஒத்துவரவில்லை

அடுத்த நாள் அந்த அம்மாவே கடைக்கு வந்துவிட்டார். "இன்னாப்பா, என் மிளகுப் பால்ல இன்னா குறை கண்ட?"

பேசப் பேசத் தெரிந்தது. அவருக்குச் சளியே இல்லை. மூக்கு ஒழுகவில்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் தொண்டை கரகரக்கும், ஏதோ அடைத்தது போலிருக்கும், செருமிக்கொண்டே இருப்பார். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு, மிளகுப் பாலும் குடித்துவிட்டு, உடனே படுக்கிறார். வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைச் சுடுவதாக எனக்குப் பட்டது. அப்படி இருந்தால், நிறைந்த வயிற்றில் காரமும் கொழுப்பும் போட்டுப் படுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவது மாதிரி. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னேன், பாலை நிறுத்தச் சொன்னேன், டாக்டரையும் பார்க்கச் சொன்னேன்.

இன்னொன்று சர்க்கரை. "நான் வெள்ளைச் சர்க்கரையா போடறேன்? பனங்கற்கண்டுதானே" என்றார். பனங்கற்கண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். இரண்டு டீஸ்பூன் பனங்கற்கண்டில் ஏறக்குறைய 10 கிராம், 150 மில்லி பாலின் சொந்தச் சர்க்கரை சுமார் 7 கிராம். படுக்கப் போகும் நேரத்தில் 17 கிராம் உள்ளே போகிறது. ஒரு மேசைக்கரண்டி தேனிலும் இதே 17 கிராம் அளவு இருக்கும். ஒருநாள் அரை ஸ்பூன் தேன் நக்கினால் குடி முழுகிப் போகாது, ஆனால் வாரம் முழுக்க இரவு இதைக் குடித்துவிட்டுக் காலைச் சர்க்கரை ஏறியதற்கு மாத்திரையைக் குறை சொல்லக்கூடாது.

மூன்றாவது ஆட்கள், வலிப்புக்கு மாத்திரை போடுபவர்கள். சில மருந்துகளை உடம்பு உடைத்து வெளியேற்றும் வேகத்தைப் பைப்பரின் குறைக்கிறது. 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்து நடந்த சோதனைகளில் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தின் அளவு ரத்தத்தில் கூடியது. ஆறு மிளகில் கிட்டத்தட்ட 15 மில்லிகிராம் இருக்கும், அத்தனையும் பாலில் இறங்கிவிடாது என்றாலும் பக்கத்தில்தான் நிற்கிறது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். கெட்டியான மிளகுக் கஷாயத்தைத் தினமும் இரண்டு வேளை குடிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். இளைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மகரந்தத்துக்கோ தேனுக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் தேனையும், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாலையும் விட்டுவிட வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

தேன் பாட்டிலை மூடிவைக்க வேண்டிய நேரம்

தொண்டை எரிச்சல் எல்லாமே சளியும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் தொண்டை எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அம்மோனியா தொண்டையின் ஈரத்தில் கரைந்து, அரிக்கும் காரமாகி அந்த இடத்தையே சுடும். அப்போது செய்ய வேண்டியது அந்த இடத்தை விட்டு வெளியேறுவதும், மூச்சு சிரமமானால் ஆஸ்பத்திரிக்குப் போவதும்தான்.

காய்ச்சலோடு தொண்டை வலித்து, இருமல் இல்லாமல், டார்ச் அடித்துப் பார்த்தால் உள்நாக்கின் இருபக்கமும் வெள்ளைத் திட்டு தெரிந்து, தாடைக்கடியில் நெறி கட்டியிருந்தால் அது ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இதய வால்வைப் பாதிக்கும் வாதக் காய்ச்சல் வரை போகும். எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாதது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருவது, இவற்றுக்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே எடுக்கிறார்கள். ஒரு சின்ன டப்பா தருவார்கள், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி வரும் சளியை அதில் பிடித்துக் கொடுக்க வேண்டும். வாயிலிருக்கும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனைக்கு உதவாது, மறுபடி வரச் சொல்வார்கள்.